சூரியச் சன்னல் இல்லாத கால்குலேட்டர்

தேர்வுக் காலம் நெருங்கினால் என் கைப்பேசிக்குக் கால்குலேட்டர் படங்கள் வரத் தொடங்கிவிடும். தெரிந்தவர்களின் பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளின் நண்பர்கள், எப்போதோ என்னிடம் கணக்குக் கேட்டவர்கள். படத்துக்குக் கீழே பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: "இதை உள்ளே விடுவாங்களா?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்கு முன்னால் நான் கேட்பது, "எந்தத் தேர்வு?" கேட்பவருக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும். படத்தை அனுப்பியாயிற்று, பெயரைச் சொன்னால் போதாதா என்று நினைப்பார்கள். ஆனால் படத்தில் எதைத் தேட வேண்டும் என்பதை முடிவு செய்வது தேர்வின் விதிதான். சில இடங்களில் பெயர் முக்கியம், சில இடங்களில் கருவி என்ன செய்யும் என்பது முக்கியம், வேறு சில இடங்களில் அதன் மேல் அச்சான ஒரு முத்திரை. கேட் தேர்வு போலத் திரையிலேயே ஒரு கால்குலேட்டரைக் கொடுத்துவிட்டு, சொந்தக் கருவியே வேண்டாம் என்று சொல்லும் இடங்களும் உண்டு. அங்கே படத்தைப் பார்க்க வேண்டிய வேலையே இல்லை.

அண்மையில் வந்த ஒரு படத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பார்த்ததும் எளிதாகத் தெரிந்தது. கொஞ்சம் நோண்டியதும் அப்படி இல்லை என்று புரிந்தது.

அனுப்பியவர் ஒரு பொறியியல் பட்டதாரி. அமெரிக்காவின் என்.சி.இ.இ.எஸ். அமைப்பு நடத்தும் எஃப்.இ. தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். பொறியாளர் உரிமத்துக்குப் போகும் வழியில் முதல் படி அது. யாரோ பயன்படுத்திய கால்குலேட்டர் ஒன்று அவர் கைக்கு வந்திருந்தது. மேசை விளக்குக்கு நேர் கீழே வைத்துப் படம் எடுத்திருந்தார். கருவியின் தலைப்பகுதி முழுக்க வெள்ளையாக ஒளி தெறித்து, `CASIO` என்ற சொல் மட்டும் தெரிந்தது. அதற்குக் கீழே மாடல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் `ES PLUS` என்று முடிவது மங்கலாகத் தெரிந்தது. நடுவில் இருக்க வேண்டிய எண் ஒளியில் கரைந்து போயிருந்தது.

"அண்ணா, இது 991 தானே? எல்லாரும் அதைத்தானே வெச்சிருக்காங்க?"

"இருக்கலாம் தம்பி. கொஞ்சம் பொறு, பட்டன்களைப் பார்த்துச் சொல்றேன்."

பெயர் தெரியாதபோது நான் முதலில் போவது பட்டன்களுக்குத்தான். கேசியோ அறிவியல் கால்குலேட்டர்களை நிறத்தையோ உடம்பின் வளைவையோ வைத்துப் பிரிப்பது வீண் வேலை. ஒரே மாடல் பல நிறங்களில் வரும், படத்தின் வெளிச்சமும் நிறத்தை மாற்றிவிடும். பட்டன் மேல் இருக்கும் எழுத்து அப்படி மாறாது. கருவிக்குள் என்ன வேலை இருக்கிறதோ அதற்குத்தான் பட்டன் வைப்பார்கள்.

குடும்பத்தை முதலில் பிரிக்கலாம். மேல் வரிசையில் `MODE` என்றும் அதோடு `SETUP` என்றும் இருந்தால் அது ES வரிசை. `MODE`-க்குப் பக்கத்தில் `CLR` இருந்தால் அதற்கு முந்தைய MS வரிசை. அதில் திரை இரண்டு வரிதான், மேலே நாம் அடித்தது, கீழே விடை. பின்னங்களைப் புத்தகத்தில் இருப்பதுபோல் மேலும் கீழுமாகக் காட்டாது. `MENU` என்று இருந்து, இடப்பக்கம் `OPTN` என்ற பட்டனும் இருந்தால் அது 2015 வாக்கில் வந்த கிளாஸ்விஸ் வரிசை, fx-991EX அந்த வகை. சமன் குறிக்குப் பதில் `EXE` என்று எழுதி, `CATALOG`, `TOOLS` என்றெல்லாம் பட்டன்கள் இருந்தால் அதற்கும் புதிய fx-991CW குடும்பம். இதற்குப் படம் கூர்மையாக இருக்க வேண்டியதுகூட இல்லை. எழுத்து கலங்கியிருந்தாலும் சொல்லின் நீளமும் இடமும் தெரிந்தால் போதும்.

தம்பியின் படத்தில் `MODE`, `SETUP` இரண்டும் இருந்தன. பெயரின் வாலில் தெரிந்த `ES PLUS` என்பதோடு அது ஒத்துப்போனது. சரி, குடும்பம் முடிந்தது. இனிமேல்தான் வேலை, ஏனென்றால் ES PLUS குடும்பத்தில் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும் பல மாடல்கள் உண்டு. fx-82ES PLUS, fx-85ES PLUS, fx-350ES PLUS, fx-570ES PLUS, fx-991ES PLUS, வட அமெரிக்காவில் விற்கும் fx-115ES PLUS. அளவு, திரை, பட்டன்களின் அடுக்கு எல்லாம் ஒரே அச்சு.

இவற்றை இரண்டாகப் பிளப்பது திரைக்குக் கீழே, அம்புப் பட்டனின் இடப்பக்கம் இருக்கும் இரண்டு பட்டன்கள். 82, 85, 350 ஆகிய எளிய மாடல்களில் அங்கே `Abs` என்று இருக்கும். 570, 991, 115 ஆகிய பெரிய மாடல்களில் அதே இடத்தில் `CALC` என்றும் பக்கத்தில் தொகையீட்டுக் குறி ∫ என்றும் இருக்கும். அது தெரியவில்லை என்றால் எண் பட்டன்களுக்கு மேலே பாருங்கள். பெரிய மாடல்களில் 4-க்கு மேல் `MATRIX`, 5-க்கு மேல் `VECTOR`, 7-க்கு மேல் `CONST`, 8-க்கு மேல் `CONV` என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். தம்பியின் படத்தில் தலைப்பகுதியைத்தான் விளக்கு தின்றிருந்தது, கீழ்ப்பாதி தெளிவு. `MATRIX` நன்றாகவே தெரிந்தது.

சந்தேகம் மிஞ்சினால் இன்னொரு வழி உண்டு, எனக்கு இதுதான் பிடிக்கும். கருவியை இயக்கி, `MODE` பட்டனை அழுத்தி, திரை தெரிகிற மாதிரி ஒரு படம் எடுக்கச் சொல்வது. fx-82ES PLUS-இல் மூன்றே வரி வரும். 570-லும் 991-லும் எட்டு வரும்:

```
1:COMP   2:CMPLX
3:STAT   4:BASE-N
5:EQN    6:MATRIX
7:TABLE  8:VECTOR
```

மேலே ஒட்டியிருக்கும் பெயரைச் சுரண்டலாம், வேறு உடம்பை மாட்டலாம். உள்ளே இருக்கும் சில்லு தன்னால் முடிந்ததைத்தான் திரையில் காட்டும். தம்பி உடனே எடுத்து அனுப்பினார். எட்டும் இருந்தன.

"அப்போ 991 தான்?"

"இல்ல, இன்னும் சொல்ல முடியாது. திரைக்கு மேலே வலப்பக்கம் கருப்பா ஒரு பட்டை இருக்கா?"

"அப்படி ஒண்ணும் இல்லையே அண்ணா."

அந்தப் பதிலிலேயே விஷயம் முடிந்துவிட்டது. fx-570ES PLUS-உம் fx-991ES PLUS-உம் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. அதே பட்டன்கள், அதே எட்டு வேலைகள், அதே விடைகள். வேறுபாடு எங்கே என்றால் சாப்பாட்டில். 991 சூரிய ஒளியிலும் ஓடும், உள்ளே LR44 என்ற பொத்தான் பேட்டரி ஒன்றும் துணைக்கு இருக்கும். அதனால்தான் அதன் நெற்றியில் வலப்பக்கம் கருமையான சன்னல் ஒன்றும், `TWO WAY POWER` என்ற வாசகமும் இருக்கும். 570-க்கு அந்தச் சன்னல் கிடையாது. மெல்லிய பென்சில் பேட்டரி ஒன்றிலேயே ஓடும்.

சன்னலை மட்டும் வைத்தும் முடிவு செய்யக் கூடாது. எளிய மாடல்களிலும் இதே பிரிவினை உண்டு, fx-82ES PLUS-க்குச் சன்னல் இல்லை, fx-85ES PLUS-க்கு உண்டு. சன்னலை மட்டும் பார்த்தவர் 85-ஐ 991 என்று நினைக்க வாய்ப்பு இருக்கிறது. பட்டன்கள் வேலையைச் சொல்லும், சன்னல் மின்சாரத்தைச் சொல்லும். இரண்டும் சேர்ந்தால்தான் பெயர் கிடைக்கும். `CALC`-உம் ∫-உம் இருந்து சன்னலும் இருந்தால் 991 அல்லது 115. அவை இருந்து சன்னல் இல்லாவிட்டால் 570.

நான் இன்னொரு படம் கேட்டேன். விளக்கை அணைத்துவிட்டு, பகல் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி வைத்து, கருவியைக் கொஞ்சம் சாய்த்து எடுக்கச் சொன்னேன். பிளாஷ் வேண்டாம் என்றும் சொன்னேன். பளபளப்பான பிளாஸ்டிக் மேல் பிளாஷ் அடித்தால் எழுத்து இருக்கும் இடத்தில்தான் சரியாக வந்து தெறிக்கும். செய்தி செயலியில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கி நுண்ணெழுத்தைக் கரைத்துவிடும், கோப்பாக அனுப்பினால் அப்படியே வரும். இரண்டாவது படம் வந்தது. `fx-570ES PLUS`. சந்தேகம் தீர்ந்தது.

இனி விதிக்கு வருவோம். என்.சி.இ.இ.எஸ். தன் தேர்வுகளுக்கு வைத்திருக்கும் பட்டியல் வியக்கத்தக்க அளவுக்குச் சின்னது. கேசியோ என்றால் பெயரில் `fx-115` அல்லது `fx-991` இருக்க வேண்டும். ஹெச்.பி. என்றால் HP 33s, HP 35s இரண்டு மட்டும். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்றால் பெயரில் `TI-30X` அல்லது `TI-36X` இருக்க வேண்டும். அவ்வளவுதான். கருவி என்ன செய்யும், என்ன செய்யாது என்ற பேச்சே இதில் இல்லை. பெயர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

தம்பிக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. "ரெண்டும் ஒரே மெஷின்தானே? இதுல என்ன ஏமாத்த முடியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 991 செய்யாத எதையும் 570 செய்யப்போவதில்லை, ஏமாற்றுவதற்கு அதில் கூடுதலாக எதுவும் இல்லை. ஆனால் விதி எழுதியவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. தேர்வு மையத்தின் வாசலில் நிற்பவர் கணக்கு வாத்தியார் அல்ல. அவர் ஒவ்வொரு கருவியையும் வாங்கி, இயக்கி, மெனுவில் நுழைந்து சோதித்துக்கொண்டிருக்க முடியாது. பெயரைப் பார்த்து ஆம், இல்லை என்று சொல்வது அவரால் முடியும். தேர்வின் கேள்விகள் கருவியில் ஏறி வெளியே போய்விடக் கூடாது என்ற கவலையும் பட்டியலுக்குப் பின்னால் இருக்கிறது. ஆராய்ந்து பார்த்த சில குடும்பங்களை மட்டும் அனுமதித்து மற்ற எல்லாவற்றையும் வெளியே நிறுத்துவது அவர்களுக்குச் சுலபம். எனக்கு இது கொஞ்சம் முரட்டுத்தனமான விதி என்றுதான் தோன்றுகிறது. அதே சமயம், மாணவர் பக்கத்திலிருந்து பார்த்தால் இவ்வளவு தெளிவான விதி வேறு இல்லை. வாசலில் விவாதம் இல்லை.

இந்த மாதிரி விதியில் இன்னொரு வசதியும் உண்டு. படத்தை எவ்வளவு துல்லியமாக அடையாளம் காண வேண்டும் என்பதற்கு அதுவே எல்லை போட்டுவிடுகிறது. அந்தப் படத்தில் சன்னல் இருந்திருந்தால், அது 991-ஆ 115-ஆ என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இரண்டுமே பட்டியலில் இருக்கின்றன. 991-இலேயே முதல் ES-ஆ, ES PLUS-ஆ, `2nd edition` என்று அச்சிட்டு வந்த மறுபதிப்பா என்பதும் தேவையில்லை, எல்லாவற்றிலும் `fx-991` இருக்கிறது. 570-ஆ 991-ஆ என்பது மட்டும்தான் பிசகக் கூடாத இடம். டெக்சஸ் பக்கமும் இதே கதைதான். அமெரிக்காவில் TI-36X Pro என்ற பெயரில் விற்கும் கருவி ஐரோப்பாவில் TI-30X Pro என்று தொடங்கும் பெயரில் கிடைக்கிறது, இரண்டு பெயரும் விதிக்குள் வருகின்றன. ஆனால் பட்டன் அடுக்கில் அவற்றுக்கு உறவாகத் தெரியும் TI-34 MultiView வராது. பெயரில் 30X-உம் இல்லை, 36X-உம் இல்லை.

பெயர்தான் எல்லாம் என்றால் பெயரைப் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் இருப்பார்கள். வேறு நிறுவனத்தின் பெயரோடு 991 என்ற எண்ணையும் சேர்த்து அச்சிட்ட கருவிகள் சந்தையில் நிறைய. விதி கேட்பது கேசியோவின் fx-991. அதனால் படத்தில் எண்ணைப் பார்த்ததும் மகிழ்ந்துவிடாமல் மேலே இருக்கும் நிறுவனப் பெயரையும் படியுங்கள். சூரியச் சன்னலும் சில மலிவுக் கருவிகளில் வெறும் கருப்புப் பிளாஸ்டிக்தான். உண்மையான சன்னலை நெருங்கிப் படம் எடுத்தால் அதைப் பல அறைகளாகப் பிரிக்கும் மெல்லிய கோடுகள் தெரியும். அதையும் நம்ப முடியாத நேரத்தில் நான் சோதனைத் திரையைக் கேட்பதுண்டு. அசல் ES PLUS-இல் `SHIFT`-ஐயும் `7`-ஐயும் அழுத்திப் பிடித்துக்கொண்டு `ON`-ஐத் தட்டினால் `DIAGNOSTIC` என்று வரும். வந்ததும் படம் எடுத்துவிட்டு `AC` அழுத்தி வெளியே வந்துவிடலாம். வராவிட்டால் அந்தக் கருவியை நம்பித் தேர்வுக்குப் போகாமல் இருப்பது நல்லது.

இணையக் கடையின் பக்கத்திலிருந்து எடுத்த படத்தை அனுப்புகிறவர்களும் உண்டு. அதை வைத்து நான் எதுவும் சொல்வதில்லை. பக்கத்தில் இருக்கும் படம் நிறுவனம் தந்த படம், பெட்டியில் வருவது வேறு பதிப்பாக இருக்கலாம். கையில் இருக்கும் கருவியின் படம் வேண்டும்.

இதே 570-இன் படத்தைப் பிரிட்டனில் ஏ லெவல் எழுதப்போகும் ஒருவர் அனுப்பியிருந்தால் என் பதில் தலைகீழாக இருந்திருக்கும். அங்கே தேர்வு நடத்தும் அமைப்புகளுக்குப் பொதுவான விதியை ஜே.சி.க்யூ. வெளியிடுகிறது. அதில் மாடல் பெயர் என்ற பேச்சு இல்லை, கருவி என்ன செய்யக் கூடாது என்று மட்டும் சொல்கிறார்கள். மொழிபெயர்ப்பு கூடாது. எழுத்துக்களை வைத்து இயற்கணிதம் செய்யக் கூடாது. வகையீடு, தொகையீடு ஆகியவற்றைக் குறியீடாகச் செய்யக் கூடாது. மற்றக் கருவிகளோடோ இணையத்தோடோ பேசக் கூடாது. எடுத்துப் பார்க்கிற மாதிரி சூத்திரங்களோ உரையோ உள்ளே சேமித்து வைத்திருக்கக் கூடாது. மூடியிலோ உறையிலோ செயல்முறையோ சூத்திரமோ அச்சாகியிருக்கக் கூடாது.

இதைப் படித்ததும் ஏறக்குறைய எல்லாருக்கும் வருகிற பயம் ஒன்று. "என் கால்குலேட்டர்ல ∫ பட்டன் இருக்கே, மேலே d/dx-னு எழுதியிருக்கே, அப்போ போச்சா?" போகவில்லை. விதி தடுப்பது குறியீடாகச் செய்வதை. இந்தக் கருவி செய்வது எண்ணாக. வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள அரை நிமிடம் போதும். `SHIFT` அழுத்தி ∫ பட்டனை அழுத்துங்கள். திரையில் வகையீட்டுக் குறி வரும், உள்ளே ஒரு பெட்டி, கீழே `x=` என்று இன்னொரு பெட்டி. முதல் பெட்டியில் X² என்று அடித்து, இரண்டாவதில் 3 கொடுத்துச் சமன் அழுத்தினால் விடை 6. x எவ்வளவு என்று சொல்லாமல் இரண்டாவது பெட்டியைக் காலியாக விட்டுச் சமன் அழுத்தினால் `Syntax ERROR` என்று திட்டும். குறியீட்டுக் கணிதம் தெரிந்த கருவி என்றால் x-க்கு மதிப்பே கேட்காமல் `2x` என்று எழுதிக் கொடுத்துவிடும். இது அப்படி எழுதவே எழுதாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் 3-க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மிக நெருங்கி எண்களைப் போட்டுச் சாய்வைக் கணக்கிடுவது.

√8 என்று அடித்தால் 2√2 என்றும், sin 60 என்று அடித்தால் √3-ஐ 2-ஆல் வகுத்த பின்னமாகவும் ES வரிசை காட்டுவதைப் பார்த்து, இதுவே குறியீட்டு வேலைதானே என்று கேட்பார்கள். அதுவும் எண்தான், அழகாக எழுதப்பட்ட எண். எழுத்துகளைக் கொண்ட ஒரு கோவையைக் கொடுத்து விரித்துக் காட்டு, காரணிப்படுத்து என்று அதனிடம் சொல்ல முடியாது. `SOLVE` பட்டனும் சமன்பாட்டில் x-க்கு ஒரு எண்ணைத்தான் கண்டுபிடிக்கும், ஒரு தொடக்க மதிப்பிலிருந்து மெல்ல மெல்ல நெருங்கிப் போய். கிளாஸ்விஸ் EX-இல் இருக்கும் க்யூஆர் பற்றியும் இதே பயம் உண்டு. `OPTN`-க்கு மேலே `QR` என்று எழுதியிருக்கும். அந்தக் கருவியில் கேமராவும் இல்லை, கம்பியில்லா இணைப்பும் இல்லை. திரையில் கட்டம்கட்டமாக ஒரு குறியைக் காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. அதைப் படிக்கக் கைப்பேசி வேண்டும், கைப்பேசி தேர்வறைக்குள் இருக்காது. 991EX-ஐ அங்கே மாணவர்கள் பரவலாகவே வைத்திருக்கிறார்கள்.

ஆகவே தம்பியின் 570-க்கு ஒரு வாசலில் இல்லை, இன்னொரு வாசலில் உண்டு. ஒரே படம்தான்.

மற்ற வகை விதிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ஏ.சி.டி. தேர்வு எதிர்த்திசையில் போகிறது, தடை செய்த கருவிகளைப் பெயர் சொல்லிவிட்டு மற்றவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. அங்கே படத்தில் தேட வேண்டியது TI-89, HP Prime, fx-CP400 போன்ற பெயர்களை. டெக்சஸின் TI-Nspire CX என்றால் பெயரோடு, குறியீட்டுக் கணிதம் செய்யும் என்பதைக் குறிக்கும் `CAS` என்ற மூன்று எழுத்து ஒட்டியிருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். CAS இல்லாதது போகலாம், இருந்தால் நிற்க வேண்டியதுதான். சாதாரணமாகப் பார்த்தால் இரண்டு உடம்பும் ஒன்றுபோலவே இருக்கும், படத்தில் பெயர்ப்பகுதி வெட்டுப்பட்டிருந்தால் நான் பதிலே சொல்ல மாட்டேன். ஹாங்காங் தேர்வு ஆணையமோ அனுமதித்த கருவியின் மேலேயே `H.K.E.A.A. APPROVED` என்று அச்சிடச் செய்கிறது. அங்கே நிரல் எழுதி வைக்கக்கூடிய fx-50FH போன்ற கருவிகூட முத்திரையோடு உள்ளே போகும். வேறு பல இடங்களில் நிரல் என்றாலே வெளியேதான். பிரான்சில் வரைகலைக் கால்குலேட்டர்களுக்குத் தேர்வு நேரத்துக்கான தனி இயக்க நிலை ஒன்று உண்டு, தேர்வறையில் அதை இயக்கியதும் சின்ன விளக்கு ஒன்று மின்னத் தொடங்கும். வீட்டில் எடுத்த படம் இதில் எதையும் சொல்லாது.

வீட்டில் எடுத்த படம் சொல்லாத விஷயங்கள் வேறு சிலவும் உண்டு. அதில் முக்கியமானது மூடி. கேசியோ கருவிகளோடு வரும் சறுக்கு மூடியின் உட்பக்கத்தில், 991 போன்ற பெரிய மாடல்களில், அறிவியல் மாறிலிகளின் அட்டவணையோ அலகு மாற்ற அட்டவணையோ ஒட்டி வருவது உண்டு. படம் எடுக்கும்போது எல்லாரும் மூடியைக் கருவியின் முதுகில் மாட்டிவிட்டு முகத்தை மட்டும் எடுப்பார்கள், அட்டவணை எங்கோ பின்னால் ஒளிந்திருக்கும். ஜே.சி.க்யூ. போன்ற விதியில் கருவி நல்ல கருவி, மூடிதான் கெட்டது. அதனால் நான் மூன்று படம் கேட்பது வழக்கம்: முகம், முதுகு, மூடியின் உட்பக்கம். முதுகில் பென்சிலால் எழுதிய சூத்திரம் ஒன்றை ஒருமுறை பார்த்திருக்கிறேன். எழுதியவருக்கே அது மறந்துபோயிருந்தது, கருவி இரண்டாம் கைக்கு வந்தது.

இன்னொன்று நினைவகம். முந்தைய கணக்குகளின் எச்சம் படத்தில் தெரியாது. பல விதிகளில் சேமித்ததையெல்லாம் அழித்துவிட்டு வர வேண்டியது தேர்வு எழுதுபவரின் பொறுப்பு. ES PLUS-இல் `SHIFT`, `9`, பிறகு `3`, பிறகு `=`, கடைசியில் `AC`. கிளாஸ்விஸ் EX-லும் `SHIFT`, `9`, `3`, `=` என்ற வரிசைதான், `9`-க்கு மேலே `CLR` இருந்த இடத்தில் `RESET` இருக்கும். இது அமைப்புகளையும் தொடக்க நிலைக்குக் கொண்டுபோய்விடும். கோணம் மறுபடி டிகிரிக்குத் திரும்பிவிடும். ரேடியனில் பழகியவர்கள் அழித்ததும் திரையின் மேல் ஓரத்தில் `D` இருக்கிறதா `R` இருக்கிறதா என்று பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும். இதைத் தேர்வறை வாசலில் செய்யாமல் முந்தின நாளே செய்துவிட்டால் பதற்றம் குறையும்.

தம்பி கடைசியில் 570-ஐ வீட்டுப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டு, ஒரு fx-991ES PLUS-ஐத் தேடிப் பிடித்தார். பட்டன்கள் எல்லாம் அதே இடத்தில் இருப்பதால் கை புதிதாக எதையும் பழக வேண்டியிருக்கவில்லை. வாங்குவதற்கு முன்னால் விற்பவரிடம் நெற்றிப் பகுதியை மட்டும் நெருங்கி ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்த படத்தில் சன்னலும் `TWO WAY POWER`-உம் பெயரும் ஒரே சட்டத்தில் இருந்தன. அந்த வருடத்துக்கான பட்டியலை என்.சி.இ.இ.எஸ். தளத்தில் ஒருமுறை பார்த்துவிடு என்று சொன்னேன். விதிகளை அவர்கள் மாற்றும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது, என் நினைவு அதற்கு ஈடாகாது. பார்த்துவிட்டுப் பதில் போட்டார்: "இருக்கு அண்ணா, 991-னு போட்டிருக்கு."